பிரிவு இடைவெளி அட்டவணையிலிருந்து சராசரியும் திட்ட விலக்கமும்: மைய மதிப்பை வைத்துக் கணக்கிடும் முழு வழிகாட்டி

ஐம்பது அளவீடுகளைப் பிரிவு பிரிவாகத் தொகுத்து அட்டவணை ஆக்கிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு அளவீடும் தனித்தனியாக என்ன என்பது நமக்குத் தெரியாது. 40 முதல் 50 வரையிலான பிரிவில் 15 அளவீடுகள் இருக்கின்றன என்று தெரியும். அவை 41, 43, 49 என எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியாது. ஆனாலும் சராசரி வேண்டும், திட்ட விலக்கம் வேண்டும். அதற்கு ஒரு சமரசம் செய்துகொள்கிறோம்: அந்தப் 15 அளவீடுகளும் பிரிவின் நட்டநடுவில், அதாவது 45-இல் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். கணக்கு முழுக்க இந்த ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. இதில் வரும் தவறுகளில் பாதி மைய மதிப்பைத் தவறாக எடுப்பதால் வருபவை. மீதி, வர்க்கம் எடுக்கும் இடத்தில் நேர்பவை.

கீழே உள்ள அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 50 மரக்கன்றுகளின் உயரம், மில்லிமீட்டர் வரை துல்லியமாக அளக்கப்பட்டு, சென்டிமீட்டரில் தொகுக்கப்பட்டிருக்கிறது. 30–40 என்றால் 30-ஐயும் சேர்த்து, 40-ஐ எட்டாமல் இருப்பவை. சரியாக 40.0 செ.மீ. உள்ள கன்று அடுத்த பிரிவுக்குப் போகும்.

| உயரம் (செ.மீ.) | நிகழ்வெண் f |
|---|---|
| 20–30 | 4 |
| 30–40 | 9 |
| 40–50 | 15 |
| 50–60 | 12 |
| 60–70 | 7 |
| 70–80 | 3 |

முதல் வேலை, நிகழ்வெண்களைக் கூட்டிப் பார்ப்பது. 4 + 9 + 15 + 12 + 7 + 3 = 50. அட்டவணையின் தலைப்பில் சொன்ன எண்ணிக்கையோடு இது பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். வகுக்கும் எண்ணே தவறாக இருக்கும்போது மேலே போவதில் பயனில்லை.

மைய மதிப்பை எடுப்பது

கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மைய மதிப்பு x. முதல் பிரிவுக்கு (20 + 30) ÷ 2 = 25. அகலம் எல்லாவற்றுக்கும் 10 என்பதால் அடுத்தடுத்த மைய மதிப்புகள் 35, 45, 55, 65, 75.

இவ்வளவு எளிதாக எப்போதும் இருப்பதில்லை. அட்டவணை 20–29, 30–39, 40–49 என்று இடைவெளி விட்டு எழுதப்பட்டிருந்தால், எண்கள் எப்படிப் பதிவாயின என்று கேட்காமல் மைய மதிப்பை எழுதக் கூடாது. உயரத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்கு முழுமையாக்கி எழுதியிருந்தால், 29 என்ற பதிவு உண்மையில் 28.5 முதல் 29.5 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆக 20–29 என்ற பிரிவின் உண்மையான எல்லைகள் 19.5, 29.5. மைய மதிப்பு 24.5. அகலம் 10, 29-இலிருந்து 20-ஐக் கழித்து 9 என்று எழுதுவது பழகிப்போன ஒரு பிழை.

அதே 20–29 என்பது வயதாக இருந்தால் கதை வேறு. வயதை நாம் முழுமையாக்கிச் சொல்வதில்லை, முடிந்த ஆண்டுகளைத்தான் சொல்கிறோம். 30-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை ஒருவருக்கு 29 வயதுதான். எனவே 20–29 வயதுப் பிரிவு 20-இல் தொடங்கி 30-ஐ எட்டும் வரை நீள்கிறது. மைய மதிப்பு 25. ஒரே மாதிரி அச்சிட்ட இரண்டு அட்டவணைகள், ஒன்றுக்கு 24.5, இன்னொன்றுக்கு 25.

இந்த அரை எண் வித்தியாசம் எதைக் கெடுக்கும்? எல்லா மைய மதிப்புகளும் சேர்ந்து 0.5 நகர்வதால் சராசரியும் அதே 0.5 நகரும். திட்ட விலக்கம் அசையாது, ஏனென்றால் அது மதிப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் அளக்கிறது. இரண்டு பேர் செய்த கணக்கில் திட்ட விலக்கம் ஒன்றாகவும் சராசரி சரியாக அரை எண் தள்ளியும் வந்தால், கோளாறு எல்லையில் இருக்கிறது என்று நேராக அங்கே போய்ப் பார்க்கலாம்.

சராசரி

ஒவ்வொரு மைய மதிப்பையும் அதன் நிகழ்வெண்ணால் பெருக்கி, கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். திட்ட விலக்கத்துக்கும் தேவைப்படும் என்பதால் fx² நிரலையும் இப்போதே போட்டுவிடலாம்.

| பிரிவு | x | f | fx | fx² |
|---|---|---|---|---|
| 20–30 | 25 | 4 | 100 | 2,500 |
| 30–40 | 35 | 9 | 315 | 11,025 |
| 40–50 | 45 | 15 | 675 | 30,375 |
| 50–60 | 55 | 12 | 660 | 36,300 |
| 60–70 | 65 | 7 | 455 | 29,575 |
| 70–80 | 75 | 3 | 225 | 16,875 |
| மொத்தம் | | 50 | 2,430 | 1,26,650 |

சராசரி = Σfx ÷ Σf = 2430 ÷ 50 = 48.6 செ.மீ.

மைய மதிப்புகள் ஆறு இருக்கின்றன என்பதற்காக 2430-ஐ 6-ஆல் வகுப்பவர்கள் உண்டு. விடை 405 என்று வரும். 80 செ.மீ.க்கு மேல் கன்றே இல்லாதபோது சராசரி 405 ஆக முடியாது என்பதால் இது உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது இன்னொன்று: f-ஐ மறந்து 25 முதல் 75 வரையிலான ஆறு எண்களுக்கு நேராகச் சராசரி எடுப்பது. அது 50 என்று வரும். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் என்பதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

திட்ட விலக்கம்: நேர் வழியும் சுருக்கு வழியும்

நேர் வழியில் ஒவ்வொரு மைய மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதை வர்க்கப்படுத்தி, நிகழ்வெண்ணால் பெருக்குகிறோம். முதல் பிரிவுக்கு 25 − 48.6 = −23.6, வர்க்கம் 556.96, நான்கு கன்றுகளுக்கு 2227.84. இப்படியே மற்ற ஐந்துக்கும் செய்தால் 1664.64, 194.40, 491.52, 1882.72, 2090.88 என வரும். மொத்தம் 8552. அதை 50-ஆல் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 171.04. அதன் வர்க்கமூலம் 13.08 செ.மீ. இதுதான் திட்ட விலக்கம்.

இந்த வழியில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நடுவில் உள்ள 15 கன்றுகள் சேர்ந்து தரும் பங்கு 194. ஓரத்தில் உள்ள மூன்றே மூன்று கன்றுகள் தரும் பங்கு 2091. ஓரப் பிரிவுகளில் ஒரு நிகழ்வெண்ணைத் தவறாகப் படித்தால் திட்ட விலக்கம் ஏன் அவ்வளவு ஆடுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

சுருக்கு வழி இப்படி:

σ² = Σfx² ÷ Σf − (சராசரி)²

1,26,650 ÷ 50 = 2533. சராசரியின் வர்க்கம் 48.6² = 2361.96. கழித்தால் 171.04. அதே விடை, பாதி உழைப்பு.

ஆனால் இந்தச் சுருக்கு வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. 48.6-ஐ 49 என்று முழுமையாக்கிவிட்டு மேலே போனால் என்ன ஆகும்? 49² = 2401. 2533 − 2401 = 132. திட்ட விலக்கம் 11.49. சராசரியில் வெறும் 0.4 நகர்ந்ததற்குத் திட்ட விலக்கம் 13.08-இலிருந்து 11.49-க்கு விழுந்துவிட்டது. அதே 49-ஐ நேர் வழியில் போட்டிருந்தால் விலக்க வர்க்கச் சராசரி 171.20 ஆகியிருக்கும், திட்ட விலக்கம் இரண்டு தசம இடம் வரை மாறவே மாறாது. காரணம் எளிது: சுருக்கு வழியில் இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறுகிறோம். பெரிய எண்ணில் நுழையும் சிறு பிழை முழுவதும் அப்படியே அந்தச் சிறிய எண்ணின் தலையில் விழுகிறது. எனவே சுருக்கு வழியில் சராசரியை முழுமையாக்கவே கூடாது. 48.6 போல அழகாக முடியாமல் 47.2857… என்று நீண்டால், Σfx ÷ Σf என்ற பின்னத்தையே கடைசி வரை வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி விடையில்தான் முழுமையாக்கல்.

இன்னொரு வழக்கமான தடுமாற்றம் fx² என்ற குறியீட்டில். இங்கே வர்க்கம் x-க்கு மட்டும்தான். முதல் வரியில் 4 × 25² = 2500. இதை (4 × 25)² என்று படித்தால் 10,000 ஆகிவிடும். குழப்பமே வராத வழி ஒன்று உண்டு: fx நிரலில் ஏற்கெனவே உள்ள 100-ஐ அதே வரியின் x-ஆல், அதாவது 25-ஆல் இன்னொரு முறை பெருக்குங்கள். 100 × 25 = 2500. வர்க்கம் என்ற சொல்லே இங்கே தேவையில்லை.

படி விலக்க முறை

கையால் செய்யும்போது இதுதான் வசதி. நடுவில் உள்ள ஒரு மைய மதிப்பை ஊகச் சராசரி A என எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எத்தனை பிரிவு தள்ளி இருக்கிறோம் என்று எண்ணுகிறோம். A = 45, அகலம் c = 10 என்றால் d = (x − A) ÷ c.

| x | f | d | fd | fd² |
|---|---|---|---|---|
| 25 | 4 | −2 | −8 | 16 |
| 35 | 9 | −1 | −9 | 9 |
| 45 | 15 | 0 | 0 | 0 |
| 55 | 12 | 1 | 12 | 12 |
| 65 | 7 | 2 | 14 | 28 |
| 75 | 3 | 3 | 9 | 27 |
| மொத்தம் | 50 | | 18 | 92 |

சராசரி = A + (Σfd ÷ Σf) × c = 45 + (18 ÷ 50) × 10 = 48.6.

திட்ட விலக்கம் = c × √(Σfd² ÷ Σf − (Σfd ÷ Σf)²) = 10 × √(1.84 − 0.1296) = 10 × √1.7104 = 13.08.

A-வாக எந்த மைய மதிப்பை எடுத்தாலும் விடை ஒன்றுதான். நிகழ்வெண் அதிகமுள்ள பிரிவை எடுத்தால் அந்தப் பெரிய எண் 0-வால் பெருக்கப்பட்டுக் காணாமல் போகும், அவ்வளவே. மறக்கக் கூடாத இரண்டு: கடைசியில் c-ஆல் பெருக்குவது, திட்ட விலக்கத்தில் A-வைக் கூட்டாமல் இருப்பது. முதலாவதை மறந்தால் திட்ட விலக்கம் 1.31 என்று வரும். 20-இலிருந்து 80 வரை பரந்து கிடக்கும் கன்றுகளுக்கு 1.31 செ.மீ. என்பது நம்பும்படியாக இல்லை.

இந்த முறைக்கு ஒரு நல்ல சரிபார்ப்பு உண்டு. ஸ்வீடன் நாட்டு வானியலாளர் கார்ல் சார்லியரின் பெயரால் அதைச் சார்லியர் சோதனை என்பார்கள். d-க்குப் பதிலாக d + 1 எடுத்து Σf(d+1)² கணக்கிடுங்கள். அது Σfd² + 2Σfd + Σf-க்குச் சமமாக இருக்க வேண்டும். நம் அட்டவணையில் d + 1 மதிப்புகள் −1, 0, 1, 2, 3, 4. அவற்றின் வர்க்கத்தை நிகழ்வெண்ணால் பெருக்கினால் 4 + 0 + 15 + 48 + 63 + 48 = 178. மறுபுறம் 92 + 36 + 50 = 178. பொருந்துகிறது. பெருக்கலிலோ கூட்டலிலோ சறுக்கியிருந்தால் பெரும்பாலும் இங்கே சிக்கிவிடும். மைய மதிப்பையே தவறாக எடுத்திருந்தால் சிக்காது. இந்தச் சோதனை x-ஐப் பார்ப்பதே இல்லை.

50-ஆல் வகுப்பதா, 49-ஆல் வகுப்பதா

இந்த 50 கன்றுகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம் என்றால் 50-ஆல் வகுப்பது சரி. பெரியதொரு நாற்றங்காலிலிருந்து இவற்றை மாதிரியாக எடுத்து, மொத்த நாற்றங்காலின் சிதறலை மதிப்பிடுகிறோம் என்றால் 49-ஆல் வகுக்க வேண்டும்: 8552 ÷ 49 = 174.53, திட்ட விலக்கம் 13.21. இங்கே 49 என்பது Σf − 1; பிரிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 5-ஆல் வகுப்பது தவறு. பள்ளிப் பாடங்களில் பொதுவாக Σf-ஆல் வகுக்கும் சூத்திரம்தான் கேட்கப்படும்.

கால்குலேட்டரில் இரண்டும் தனித்தனிப் பொத்தானாகவோ பட்டியலாகவோ இருக்கும். σx என்பது 50-ஆல் வகுத்தது, sx என்பது 49-ஆல் வகுத்தது. பழைய கருவிகளில் xσn, xσn−1 என்று இருக்கும். n என்று ஒன்றும் காட்டும். அது 50 என்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். 6 என்று வந்தால் நிகழ்வெண் நிரல் இயக்கப்படவே இல்லை. கருவி ஆறு மைய மதிப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

விரிதாளில் செய்பவர்களுக்கும் இதே பொறி காத்திருக்கிறது. மைய மதிப்பு நிரலுக்கு `STDEV` போட்டால் 18.71 என்று வரும், `AVERAGE` போட்டால் 50. இரண்டுமே நிகழ்வெண்ணைக் கணக்கில் எடுக்காதவை. மைய மதிப்புகள் C2 முதல் C7 வரை, நிகழ்வெண்கள் D2 முதல் D7 வரை இருந்தால், G1-இல் சராசரியும் G2-இல் திட்ட விலக்கமும் இப்படி:

```
=SUMPRODUCT(C2:C7,D2:D7)/SUM(D2:D7)
=SQRT(SUMPRODUCT(D2:D7,(C2:C7-G1)^2)/SUM(D2:D7))
```

இரண்டாவது சூத்திரம் வேண்டுமென்றே நேர் வழியில் எழுதப்பட்டது. எந்திரத்துக்கு உழைப்பு ஒரு பொருட்டில்லை. முழுமையாக்கல் பள்ளத்தைத் தவிர்ப்பதுதான் லாபம்.

விடை நம்பும்படி இருக்கிறதா

சராசரி நிகழ்வெண் அதிகமுள்ள பிரிவிலோ அதன் பக்கத்திலோ விழ வேண்டும், ஒரே மேடு உள்ள அட்டவணை என்றால். 48.6 என்பது 40–50 பிரிவில் இருக்கிறது. அட்டவணையில் வலப்பக்கம் சற்றே நீண்ட வால் இருப்பதால் 45-ஐத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதும் பொருத்தம்தான்.

திட்ட விலக்கத்துக்கு, சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் இருபுறமும் நடந்து பாருங்கள். 35.5 முதல் 61.7 வரை. இதற்குள் எத்தனை கன்றுகள்? 30–40 பிரிவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 4; 40–50-இல் 15; 50–60-இல் 12; 60–70-இலிருந்து ஒன்று. மொத்தம் 32. ஐம்பதில் இது 64%. மணி வடிவ அட்டவணையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வர வேண்டும், வருகிறது. மேலே பார்த்த 1.31 போன்ற தவறான விடையை வைத்து இதைச் செய்தால் 47.3 முதல் 49.9 வரை நான்கு கன்றுகள்கூட இருக்காது.

முடிவில்லாத பிரிவும் சமமற்ற பிரிவும்

கடைசி வரி "70-உம் அதற்கு மேலும்" என்று இருந்தால் அதற்கு மைய மதிப்பு கிடையாது. பக்கத்துப் பிரிவின் அகலத்தையே எடுத்துக்கொண்டு 70–80 என வைத்துக்கொள்வது வழக்கம். தேர்வுத்தாளில் அது போதும். நிஜத் தரவில் இது ஒரு துணிச்சலான செயல். அந்த மூன்று கன்றுகளின் சராசரி உயரம் உண்மையில் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 48.6-இலிருந்து 49.5 ஆகும், திட்ட விலக்கம் 13.08-இலிருந்து 15.21 ஆகும். மூன்றே கன்றுகளைப் பற்றிய ஊகம் திட்ட விலக்கத்தை இரண்டு செ.மீ.க்கு மேல் தூக்கிவிட்டது. மூலப் பதிவில் மிகப் பெரிய மதிப்பைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், இரண்டு மூன்று வெவ்வேறு ஊகங்களில் கணக்கிட்டு விடை எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுங்கள். அல்லது ஓரப் பிரிவின் எல்லை தேவைப்படாத இடைநிலை அளவைத் தேர்ந்தெடுங்கள்.

அகலங்கள் சமமாக இல்லாதபோது மைய மதிப்பு முறை அப்படியே செல்லும். தடுமாற்றம் படி விலக்கத்தில்தான் வரும். கடைசி மூன்று பிரிவுகளைச் சேர்த்து 50–80 என்று கொடுத்தால் மைய மதிப்பு 65; d = (65 − 45) ÷ 10 = 2. அடுத்த வரி என்பதற்காக 1 என்று போடக் கூடாது, அந்தப் பிரிவின் அகலமான 30-ஆல் வகுக்கவும் கூடாது. எல்லா வரிக்கும் ஒரே c.

மைய மதிப்பு நம்மை எவ்வளவு ஏமாற்றுகிறது

இனி அந்த முதல் அனுமானத்துக்குத் திரும்புவோம். ஓரப் பிரிவுகளின் மூலப் பதிவு நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20–30 பிரிவின் நான்கு கன்றுகள் 23.6, 27.1, 28.4, 28.9. கூட்டினால் 108, நாம் போட்டது 100. 70–80 பிரிவின் மூன்று கன்றுகள் 70.8, 72.3, 73.9. கூட்டினால் 217, நாம் போட்டது 225. ஒன்றில் 8 குறைவு, இன்னொன்றில் 8 அதிகம். சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன.

இது வெறும் தற்செயல் இல்லை. நடுவில் மேடு, ஓரங்களில் சரிவு என்றிருக்கும் அட்டவணையில், ஓரப் பிரிவில் உள்ளவை மேடு இருக்கும் பக்கமாகவே சாய்ந்திருக்கும். இடப்பக்கத்துக் கன்றுகள் வலப்புறம் சாயும், வலப்பக்கத்தவை இடப்புறம். சராசரிக்கு இது நல்லது. திட்ட விலக்கத்துக்கு இது கெட்டது: நாம் இரு ஓரத்தையும் உண்மையைவிட வெளியே தள்ளி வைக்கிறோம், வர்க்கத்தில் குறி மறைந்துவிடுவதால் அடித்துக்கொள்ள வழியில்லை. இந்த ஏழு கன்றுகளின் பங்கு, 48.6-இலிருந்து அளந்தால், 4318.72 என்று போட்டோம். உண்மையில் அது 3578. எதிர்ப்பக்கமாக இழுக்கும் ஒன்றும் உண்டு. நடுப் பிரிவின் 15 கன்றுகளை ஒரே புள்ளியில் நிறுத்தியதால் அவற்றுக்குள் இருந்த சிதறலைத் தொலைத்துவிட்டோம். அவை பிரிவு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் தொலைந்தது 15 × 8.33 = 125. மணி வடிவத்தில் முதல் விளைவே வெல்லும். ஆகவே மைய மதிப்பு முறை திட்ட விலக்கத்தைச் சற்றுக் கூட்டியே காட்டும்.

எவ்வளவு கூட்டி? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஷெப்பர்ட் இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தார்: விலக்க வர்க்கச் சராசரியிலிருந்து c² ÷ 12-ஐக் கழியுங்கள். நமக்கு 100 ÷ 12 = 8.33. 171.04 − 8.33 = 162.71, திட்ட விலக்கம் 12.76. 13.08-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2.5%. சராசரிக்குத் திருத்தம் எதுவும் இல்லை.

இந்தத் திருத்தத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் போடக் கூடாது. அளவு தொடர்ச்சியானதாக இருக்க வேண்டும், அகலம் சமமாக இருக்க வேண்டும், அட்டவணை இரு ஓரத்திலும் மெல்லத் தேய்ந்து முடிய வேண்டும். காத்திருக்கும் நேரம் போல முதல் பிரிவிலேயே உச்சத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும் தரவுக்கு இது பொருந்தாது. அங்கே ஒவ்வொரு பிரிவிலும் மதிப்புகள் இடப்பக்கமே சாய்ந்திருப்பதால் சராசரியே கூடுதலாக வந்துவிடும். அடித்துக்கொள்ள எதிர்ப்பக்கம் இல்லை. அப்போதும் ஓர் உறுதியான எல்லை நம்மிடம் உண்டு: எல்லாக் கன்றும் பிரிவின் கீழ் எல்லையில் இருந்தாலும் சராசரி 43.6-க்குக் கீழே போகாது, எல்லாம் மேல் எல்லையை ஒட்டி இருந்தாலும் 53.6-ஐத் தாண்டாது. அரை அகலம், இருபுறமும்.

பிரிவை அகலமாக்கினால் என்ன ஆகும் என்பதை நம் அட்டவணையிலேயே பார்க்கலாம். இரண்டிரண்டாகச் சேர்த்து 20–40, 40–60, 60–80 என்று மூன்றே பிரிவுகள் வையுங்கள். நிகழ்வெண்கள் 13, 27, 10, மைய மதிப்புகள் 30, 50, 70. சராசரி 48.8, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே. திட்ட விலக்கம் 13.51-க்கு ஏறிவிடுகிறது. அட்டவணையை நீங்களே தயாரிப்பதாக இருந்தால், பிரிவின் அகலம் எதிர்பார்க்கும் திட்ட விலக்கத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்தில் c² ÷ 12 என்பது விலக்க வர்க்கச் சராசரியில் சுமார் 2%, திட்ட விலக்கத்தில் சுமார் 1%. இந்தக் கன்றுகளுக்கு அது 6 செ.மீ. அகலத்தில் 10 பிரிவுகள்.